154.2 என்று மட்டும் ஒரு போட்டோ: எடை மெஷினோடு மூன்று வருஷம்

பாளையங்கோட்டையிலிருந்து மயினி அனுப்பிய வாட்ஸ்அப் போட்டோவில் ஒரு வார்த்தையும் இல்லை. கறுப்புக் கண்ணாடி மேல் வெள்ளை எழுத்தில் 154.2, ஓரத்தில் ஒரு கட்டைவிரல். kg என்றோ lb என்றோ எரிய வேண்டிய இடத்தில் டியூப்லைட் வெளிச்சம் அடித்து மறைத்துவிட்டது. "கிலோவா, பவுண்டா மயினி?" என்று கேட்டதற்கு, "அதத்தான ஒங்ககிட்ட கேக்குதேன்" என்று பதில். இரண்டு வீட்டிலும் ஒரே மாடல்: 180 கிலோ வரை தாங்கும், நூறு கிராம் நுணுக்கம், காலுக்கு ஒன்றாக, எடையை உணரும் நாலு லோட் செல். இப்போது விலை வேறு இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

முதலில் அலகு. மெஷின் 180 வரை காட்டும் என்பதால் 154.2 கிலோ என்பதை மெஷினை வைத்துத் தள்ள முடியாது, ஆளை வைத்துத்தான் தள்ள வேண்டும். பவுண்டு என்றால் 0.4536-ஆல் பெருக்கினால் 69.9 கிலோ. மனக்கணக்குக்கு, பாதியாக்கி அதில் பத்தில் ஒன்றைக் கழித்தால் போதும்: 77.1-இல் 7.7 போக 69.4. அரைக் கிலோ குறைவாக வரும், ஆனால் கிலோவா பவுண்டா என்று தெரிய அது தாராளம். இன்னொரு அடையாளமும் இருக்கிறது. இந்த மெஷின் பவுண்டில் 0.2, 0.2-ஆகத்தான் நகரும். கடைசி இலக்கம் எப்போதும் இரட்டைப்படையாகவே வந்தால் பவுண்டில் ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு போட்டோவை வைத்து இதைச் சொல்ல முடியாது. பத்து வேண்டும்.

யாரும் மாற்றாமல் பவுண்டு எப்படி வந்தது? அலகு மாற்றும் பொத்தான் அடிப்பக்கம், பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டு இருக்கிறது. வீடு கழுவும்போது மெஷினைத் தூக்கிப் பீரோ ஓரமாகச் சாய்த்து வைத்தால் அதுவே அமுங்கிவிடும். வடிவமைத்தவர் வீடு கழுவாத ஊர்க்காரர் போல.

போட்டோவையும் உடனே நம்பிவிடக் கூடாது. இந்த எல்இடி இலக்கங்கள் நான்கும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. ஒவ்வொன்றாக மாறி மாறி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் எரிகின்றன. வெளிச்சமான இடத்தில் போன் சட்டென்று படமெடுத்தால் ஒரு இலக்கமோ ஒரு கோடோ விட்டுப்போகும், 8 என்பது 0 ஆகவும் தெரியலாம். மின்விசிறியை மட்டும் விட்டுவிட்டு லைட்டை அணைத்து, இரண்டு விநாடி வீடியோவாக எடுத்து அனுப்பச் சொன்னேன். எண் அதேதான், பக்கத்தில் lb. அலகுப் பிரச்சினை தீர்ந்தது.

ஆனால் மயினி பழைய போட்டோக்களையும் அனுப்பினார்கள். செவ்வாய் 154.2, புதன் 154.2, வியாழன் 154.2. ராத்திரிச் சோற்றை நிறுத்தி ஒரு வாரம் ஆகியும் ஊசி அசையவில்லை என்பதுதான் உண்மையான கேள்வி. மெஷின் கெட்டுப்போச்சா, உடம்பு மசியவில்லையா?

இரண்டும் இல்லை என்று சந்தேகப்படக் காரணம் அந்த மூன்று நாள் ஒற்றுமை. மனிதர் எடை அப்படி நிற்காது. முந்தின நாள் கருவாட்டுக் குழம்பு உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்தாலே மறுநாள் ஒரு கிலோ வரை ஏறலாம். மூன்று நாள் தொடர்ந்து கடைசி இலக்கம் வரை ஒரே எண் என்றால் அது நிலையான எடை இல்லை, மெஷினின் நினைவு. விலை குறைந்த மெஷின்கள் பலவற்றில் இந்தத் தந்திரம் உண்டு. கடைசியாகக் காட்டிய எண்ணுக்குச் சில நூறு கிராம் இங்கிட்டு அங்கிட்டு வந்தால், புதிதாக அளந்ததைக் காட்டாமல் பழைய எண்ணையே காட்டும். இரண்டு தடவை ஏறி ஒரே எண் வந்தால் "துல்லியமான மெஷின்" என்று நாம் மெச்சுவோம் அல்லவா, அதற்காக.

கண்டுபிடிக்க ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கெட்டியான தரையில், கால் நான்கும் ஒரே டைல்ஸில் படும்படி வைத்து, காலால் ஒரு தட்டுத் தட்டி 0.0 வந்த பிறகு ஏற வேண்டும். நகர்த்தியதும் நேரே ஏறினால் பூஜ்யமே தப்பாக விழும். மயினி வீட்டில் நடந்தது இது:

வெறுங்கையோடு ஏறியபோது 154.2. சில்வர் டம்ளரில் கொஞ்சம் தண்ணீரோடு, முந்நூறு கிராம் கூடி ஏறியபோதும் 154.2. ஒரு லிட்டர் பாட்டிலோடு 155.6. இங்கேதான் குட்டு வெளிப்பட்டது. ஒரு லிட்டர் என்பது 2.2 பவுண்டு, ஏறியதோ 1.4 மட்டும். பாட்டிலைக் கீழே வைத்து மறுபடி ஏறியதும் 153.4. அதாவது 69.6 கிலோ. மூன்று நாளாக மெஷின் விழுங்கிக்கொண்டிருந்தது 0.8 பவுண்டு, முந்நூற்று அறுபது கிராம்.

நிவாரணம் எளிது: தினமும் எடை பார்க்கும் முன் பாட்டிலோடு ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு, பிறகு வெறுங்கையோடு ஏறினால் பழைய எண் கலைந்துவிடும். காலையில் கழிப்பறை போய் வந்ததும், காப்பிக்கு முன்னால். ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, அதைப் போன வாரத்துச் சராசரியோடு ஒப்பிட வேண்டும். ஒற்றை நாள் போட்டோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம், முக்கியமாக எனக்கு.

உண்மையான பழுது வேறு மாதிரி இருக்கும். பத்து லிட்டர் தண்ணீர்க் குடத்தை நாலு மூலையிலும் மாற்றி மாற்றி வைத்தால் நாலிலும் ஏறக்குறைய ஒரே எண் வரவேண்டும். ஒரு மூலை மட்டும் அரைக் கிலோ குறைந்தால் அந்தக் காலின் ரப்பர் கழன்றிருக்கும், அல்லது லோட் செல்லுக்குப் போகும் மயிர்போன்ற மூன்று வயர்களில் ஒன்று விட்டிருக்கும். போன வருஷம் எனக்கு வந்தது அதுதான். கழற்றினால் உள்ளே எறும்புப் புற்று. தட்டிவிட்டு, வயரைப் பற்றவைத்ததும் சரியாகிவிட்டது. Lo என்று வந்தால் பட்டன் செல் மட்டும் மாற்றினால் போதும். தலைகீழாக நின்று பார்த்தால் அது 07 மாதிரி தெரியும், அதையும் ஒருவர் எடை என்று அனுப்பியிருக்கிறார்.

நியாயமாகச் சொன்னால் மெஷின் அளப்பதில் தப்பில்லை. 2022-இல் 25 கிலோ வரையான பாக்கெட் அரிசிக்கு ஜிஎஸ்டி வந்த பிறகு கடையில் கிடைக்கிற 26 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, ஆள் எடையைக் கழித்தால் 26.1 வருகிறது. பையின் எடையையும் சேர்த்தால் இது சரிதான். கண்ணாடியில் கீறல் இல்லை, ஒரு செல் ஒரு வருஷத்துக்கு மேல் வருகிறது. அளக்கத் தெரிந்த மெஷின், அளந்ததைச் சொல்லாமல் ஒளிக்கிறது. எரிச்சல் அதுதான்.

எடை குறைக்கிற ஆட்கள் இதை வாங்காதீர்கள், விலை பாதியாக இறங்கினாலும். இரண்டு ஸ்டார். என் மெஷின் உடைந்தால் மறுபடி இதையேதான் வாங்குவேன், எங்கே பொய் சொல்லும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மயினிக்கு அந்தப் பொத்தான் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.