ஆறு ஆண்டுகள் சீரகத் தண்ணீர், ஓமம், சோம்பு: எந்த வாயுவுக்குக் கேட்டது, எதற்குக் கேட்கவில்லை

சென்ற வாரம் மதிய உணவு முடிந்து கை கழுவும்போது உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர், "அண்ணே, நீங்க வருஷக்கணக்கா சீரகத் தண்ணி குடிக்கிறீங்களே, கேஸ் தொந்தரவுக்கு நெஜமாவே கேக்குதா?" என்று கேட்டார். கேட்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன், மனம் ஒப்பவில்லை. கேட்காது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். அவருக்கு அன்று நின்றபடியே சொல்ல முடியாமல் போனதை இங்கே முழுமையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஓமத்துக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிறு கல்லாக இறுகி, ஏப்பம் வருவதுபோல் வந்து தொண்டையிலேயே நின்றுவிடும் அவஸ்தை எனக்கு நெடுநாளாக உண்டு. அந்த நேரத்தில் அரைத் தேக்கரண்டி ஓமத்தைச் சிட்டிகை உப்புடன் வாயில் போட்டு, நாக்கு விறுவிறுக்கும்வரை மென்று வெந்நீருடன் விழுங்கினால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் இரண்டு நீண்ட ஏப்பம் வந்து வயிறு தளர்ந்துவிடுகிறது. ஆறு ஆண்டுகளில் இந்த ஒரு வேலையில் ஓமம் என்னை அநேகமாகக் கைவிட்டதே இல்லை. அதன் காரத்துக்குக் காரணமான தைமால் என்ற பொருளும், சோம்பின் இனிப்பு மணத்துக்குக் காரணமான அனெத்தோலும், சீரகத்தின் மணத்தைத் தரும் எண்ணெயும் குடலைச் சுற்றியுள்ள தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் இயல்புடையவை. அடைபட்ட காற்றுக்கு வழி கிடைக்கிறது, அது வெளியேறுகிறது. இவை காற்றை வெளியேற்றுபவையே தவிர, காற்று உண்டாவதைத் தடுப்பவை அல்ல என்பதை நான் வெகு தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

தயாரிக்கும் முறையிலும் முதல் இரண்டு ஆண்டுகள் தவறு செய்துகொண்டிருந்தேன். கஷாயம் என்றால் சுண்ட வேண்டும் என்ற பழக்கத்தில், ஒரு தம்ளர் தண்ணீரில் சோம்பைப் போட்டுப் பாத்திரத்தை மூடாமல் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிடுவேன். வீடு முழுவதும் கமகமவென்று மணக்கும். ஆனால் தம்ளரில் நிறம் மட்டும்தான் மிஞ்சும். இந்த விதைகளில் வேலை செய்வது ஆவியாகிப் பறக்கும் எண்ணெய் என்பதால், கூடத்தில் வீசிய அந்த மணம் நான் குடித்திருக்க வேண்டிய மருந்து. இப்போது ஒரு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 2 கிராம் சோம்பையோ சீரகத்தையோ அப்போதைக்கப்போது சிற்றுரலில் இரண்டு இடி இடித்து, கொதித்து இறக்கிய ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, உடனே தட்டால் மூடிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுகிறேன். தட்டைத் திறக்கும்போது அதன் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அதைத் துடைத்துவிடாமல் தம்ளருக்குள்ளேயே வழித்துவிட வேண்டும், ஏனென்றால் மணம் அதிகம் இருப்பது அந்தத் துளிகளில்தான். இடிக்காமல் போட்ட முழு விதை தன் எண்ணெயை எளிதில் விடுவதில்லை. மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த பொடியில் விடுவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மணம் மூக்கில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அந்த டப்பாவைக் குழம்புக்கு விட்டுவிடலாம்.

மூன்றில் சோம்புதான் சாந்தமானது, தினமும் மெல்லத் தக்கது. சீரகம் நடுத்தரம். கேரளத்து உணவகங்களிலும் நம் ஊரில் சில இடங்களிலும் வெதுவெதுப்பாக ஊற்றும் சீரகத் தண்ணீரில் ஒரு பெரிய பானைக்கு ஒரு கைப்பிடி சீரகம் போட்டிருந்தால் அதிகம். அது தாகத்துக்கு நல்ல தண்ணீர், அவ்வளவே.

"செரிமானம் மந்தமாக இருக்கிறது" என்று நாம் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு தொல்லைகளை ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம். கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிட்டதுபோல் இருப்பது ஒன்று. இரண்டு நாளாக மலம் கழியாமல் அடிவயிறு கனப்பது மற்றொன்று. முதலாவதற்குச் சீரகமும் சோம்பும் ஓரளவு ஆறுதல் தருகின்றன. இரண்டாவதற்கு என் அனுபவத்தில் அவை எதுவுமே செய்யவில்லை. இதை உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு வாரம் காலையில் சீரகம் போடாமல் வெறும் வெந்நீரை அதே அளவு, அதே நேரத்தில் குடித்துப் பார்த்தேன்; காலைக்கடன் முன்போலவே கழிந்தது. அதுவரை சீரகத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்த பலன் தண்ணீருக்கும் சூட்டுக்கும் உரியது என்று தெரிந்தது.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. நான்காவது ஆண்டில் என் மருத்துவர், சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுகிறது என்று சொல்லி, மதியமும் இரவும் சாப்பிடத் தொடங்கும்போது போட வேண்டிய மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். அதில் இருந்தது வோக்லிபோஸ் என்ற மருந்து. சில நாட்களில் மாலை நான்கு மணி வாக்கில் அடிவயிறு உப்பத் தொடங்கியது. இது மேல்வயிற்று இறுக்கமோ ஏப்பமோ அல்ல. தொப்புளுக்குக் கீழே கடமுடவென்று ஓசை, இடுப்பு வேட்டி இறுகுதல், அலுவலகத்தில் எழுந்து எழுந்து வெளியே போக வேண்டிய நிலை. நான் செய்தது என்ன? ஒரு வேளை குடித்த ஓமத் தண்ணீரை மூன்று வேளையாக்கினேன். அரைத் தேக்கரண்டி ஒரு தேக்கரண்டியாயிற்று. வீட்டில் எல்லோரும் அதையே சொன்னார்கள், நானும் அதையே நம்பினேன். ஒன்றரை ஆண்டு இப்படியே போயிற்று.

உப்புசம் குறையவில்லை, அதோடு இரவில் நெஞ்செரிச்சலும் சேர்ந்துகொண்டது. படுத்தால் புளிப்பும் ஓமக் காரமும் கலந்து தொண்டைவரை ஏறும். இதுவும் ஓமத்தின் குணத்திலிருந்தே வந்தது. ஏப்பத்துக்கு வழிவிடும்படி இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தும் பொருள், அதே வாய் வழியாக அமிலம் மேலேறவும் இடம் கொடுக்கும். போதாதென்று, அளவு மிஞ்சிய ஓமத்தின் காரம் இரைப்பையின் உட்சுவரையும் உறுத்தும். எனவே எதுக்களிப்பு உள்ளவர்கள் படுக்கப்போகும் நேரத்தில் ஓமத் தண்ணீர் குடிப்பதை நான் கடுமையாகவே மறுப்பேன்.

முடிவில் வேறு ஏதோ வாங்கப் போன இடத்தில் மருந்துக்கடைக்காரர் என் சீட்டைப் பார்த்துவிட்டு, "சார், இந்த மாத்திரை ஆரம்பிச்ச பிறகு வயிறு உப்புதா?" என்று தாமாகவே கேட்டார். சோற்றிலுள்ள மாவுப்பொருளைச் சிறுகுடலில் உடைக்கும் நொதிகளை இந்த மருந்து தடுக்கிறது. அதனால்தான் சர்க்கரை மெதுவாக ஏறுகிறது. உடைபடாமல் மிஞ்சிய மாவு பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு இரையாகிறது. அவை அதைப் புளிக்கவைத்துக் காற்றை உண்டாக்குகின்றன. சோறு அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் என்பதால்தான் மதியச் சாப்பாட்டின் காற்று மாலையில் வந்தது. விதைகளின் எண்ணெயோ பெரும்பாலும் மேற்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. நான் எவ்வளவு ஓமம் மென்றாலும், மாத்திரை ஒவ்வொரு வேளையும் பெருங்குடலுக்குப் புதிதாக மாவை அனுப்பிக்கொண்டே இருந்தது. மருத்துவரிடம் சொன்னேன்; அவர் மருந்தை மாற்றிக் கொடுத்தார்; பத்து நாளில் மாலை உப்புசம் போயிற்று. (இதைப் படிப்பவர் யாரும் மருத்துவரைக் கேட்காமல் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. பலருக்கு இந்தத் தொல்லை சில வாரங்களில் தானாகவே குறையும், எனக்குக் குறையவில்லை.) பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் காபிக்குப் பிறகு படும் பாட்டுக்கும் இதே கணக்குத்தான். பாலின் சர்க்கரையை உடைக்கும் நொதி உடலில் குறைவாக இருக்கும்போது, சோம்பு அந்த நொதியைக் கொண்டுவந்து தராது.

என் கோபம் விதைகளின்மீது இருக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் இருக்கிறது. அவை கையெட்டும் தூரத்தில் இல்லாதிருந்தால் முதல் மாதத்திலேயே மருத்துவரிடம் போயிருப்பேன். எப்போதோ ஒரு முறை ஏப்பத்துக்குக் கேட்ட மருந்து என்ற நம்பிக்கைதான் ஒன்றரை ஆண்டு என்னை உட்காரவைத்தது. இந்த நம்பிக்கை நெஞ்சு வலியிலும் நம் வீடுகளில் குறுக்கே வருகிறது. நடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சிரைப்பு இவை வந்தால் "வாய்வுப் பிடிப்பு" என்று ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது; 108-ஐ அழைக்க வேண்டும். என்னைப் போன்ற சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு சரியான வலியே இல்லாமல், வெறும் வயிற்றுக் கோளாறு போலவும் வரலாம். அதேபோல் காரணமின்றி எடை குறைவது, மலத்தில் இரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், விழுங்கும்போது அடைப்பு, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய மந்தம் இவை எதற்கும் அஞ்சறைப் பெட்டியில் பதில் கிடையாது.

விருந்தன்று மேல்வயிற்று இறுக்கத்துக்கு ஓமத்தைவிட மலிவான, விரைவான ஒன்று எனக்குத் தெரியாது என்று இத்தனைக்கும் பிறகும் சொல்வேன். ஆனால் யாராவது "கேஸுக்கு என்ன வாங்கலாம்" என்று பொதுவாகக் கேட்டால் ஓமத்தைப் பரிந்துரைக்க எனக்கு இப்போது மனம் வரவில்லை. அந்தத் தம்பியிடம், ஒரு வாரம் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் உப்பியது, என்ன மாத்திரை போட்டார், பால் எப்போது குடித்தார் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். சாப்பிட்ட அரை மணிக்குள் மேல்வயிற்றில் வருவதாக இருந்தால் என் மேசை இழுப்பறையில் இருக்கும் ஓம டப்பாவை அவருக்கே கொடுத்துவிடுவேன். திங்கட்கிழமை தாளைக் கொண்டுவந்து காட்டினார்: ஐந்து நாளும் மாலை ஐந்து மணி, அடிவயிறு, அதற்கு முன் மூன்று மணிக்கு ஒரு பெரிய தம்ளர் பால். டப்பா இழுப்பறையிலேயே இருக்கிறது.