ஜேக்கோபி சுழற்சியா, கியூஆர் முறையா? சமச்சீர் அணியின் ஐகன் மதிப்புகளை எதை நம்பிக் கணக்கிடுவது

ஒரு சமச்சீர் அணியின் எல்லா ஐகன் மதிப்புகளும் வேண்டும் என்றால், இன்று பெரும்பாலானோர் `numpy.linalg.eigh` என்று அழைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். உள்ளே நடப்பது இதுதான்: முதலில் ஹவுஸ்ஹோல்டர் பிரதிபலிப்புகளால் அணியை மும்மூலைவிட்ட வடிவத்துக்குச் சுருக்குவார்கள், அப்புறம் அந்தச் சிறு வடிவத்தின் மேல் கியூஆர் முறையையோ அதன் உறவுக்கார முறைகளில் ஒன்றையோ ஓட்டுவார்கள். பொதுவான வேலைக்கு அது சரியான தேர்வு. ஆனால் 1846இல் ஜேக்கோபி வெளியிட்ட சுழற்சி முறை இந்தப் புதியவற்றைத் துல்லியத்தில் தெளிவாக மிஞ்சும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது முக்கியமாக அதற்காகத்தான்.

முதலில் ஜேக்கோபி செய்வது என்ன என்று பார்ப்போம். மூலைவிட்டத்துக்கு வெளியே ஓர் உறுப்பை எடுத்துக்கொள்கிறோம். அது p நிரையும் q நிரலும் சந்திக்கும் இடம். அந்த இரண்டு அச்சுகள் அமைக்கும் தளத்தில் மட்டும் ஒரு சுழற்சி. அந்த உறுப்பு பூஜ்யமாகும்படி கோணத்தைத் தேர்ந்தெடுக்கிறோம்:

```
theta = (a[q][q] - a[p][p]) / (2*a[p][q])
t = sign(theta) / (abs(theta) + sqrt(theta**2 + 1))
c = 1 / sqrt(t**2 + 1)
s = t*c
```

புதிய மூலைவிட்ட உறுப்புகள் `a[p][p] - t*a[p][q]`, `a[q][q] + t*a[p][q]`. p, q நிரை நிரல்களில் இருக்கும் மற்ற உறுப்புகள் c, s கொண்டு கலக்கின்றன. அணியில் மீதி எதுவும் அசையாது.

இங்கே t-க்கு இரண்டு விடைகள் உண்டு. மேலே இருப்பது சிறிய விடை, அதாவது கோணம் 45 பாகைக்கு மேல் போகாத விடை. அதைத்தான் எடுக்க வேண்டும். உறுப்புகளை வரிசையாகச் சுற்றி வரும் முறை நிச்சயம் ஒருங்கும் என்று ஃபோர்சைத்தும் ஹென்ரிசியும் 1960இல் தந்த நிரூபணம் கோணத்தின் மேல் இப்படி ஒரு கட்டுப்பாட்டை வைத்தே நிற்கிறது. இன்னொரு கண்ணி: இரண்டு மூலைவிட்ட உறுப்புகளும் சமமாக இருந்தால் theta பூஜ்யம். அப்போது `np.sign` பூஜ்யத்தைத் தரும், t-யும் பூஜ்யமாகும், சுழற்சியே நடக்காது, கணினி நிரல் முடிவில்லாமல் சுற்றும். அந்த நிலையில் t = 1 என்று தனியாக எழுதியாக வேண்டும்.

ஒரு சிறிய அணியில் ஓட்டிப் பார்க்கலாம். மூலைவிட்டத்தில் 2, 2, 2, அதை ஒட்டி இருபுறமும் −1, மூலைகளில் 0. இதன் ஐகன் மதிப்புகள் 2+√2, 2, 2−√2 என்று தெரியும், அதாவது 3.4142, 2, 0.5858. முதல் சுழற்சி (1,2) இடத்தில். மூலைவிட்டம் 3, 1, 2 என்று மாறுகிறது. (1,2) பூஜ்யமாகிவிட்டது, ஆனால் இதுவரை பூஜ்யமாக இருந்த (1,3) இப்போது 0.7071! அடுத்து (1,3)-ஐப் பூஜ்யமாக்கினால், இப்போதுதான் துடைத்த (1,2) மறுபடி −0.3251 ஆக எழுகிறது.

முதல் தடவை பார்ப்பவருக்கு இது வீண் வேலையாகத் தோன்றும். அப்படியில்லை. மூலைவிட்டத்துக்கு வெளியே உள்ள உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்: தொடக்கத்தில் 4, முதல் சுழற்சிக்குப் பின் 2, இரண்டாவதுக்குப் பின் 1, மூன்றாவதுக்குப் பின் 0.21. ஒவ்வொரு சுழற்சியும் தான் துடைக்கும் உறுப்பின் வர்க்கத்தை இரட்டிப்பாகக் கழிக்கிறது. கழிந்தது அப்படியே மூலைவிட்டத்துக்குப் போய்ச் சேர்கிறது. இந்த ஒரு சுற்று முடிந்ததும் மூலைவிட்டம் 3.3660, 0.6135, 2.0205. இரண்டாவது சுற்றில் அந்தக் கூட்டுத்தொகை பத்து லட்சத்தில் எட்டு அளவுக்கு விழுந்துவிடுகிறது. மூலைவிட்டம் நான்கு தசம இடங்கள் வரை கிட்டத்தட்ட சரி. முடிவை நெருங்க நெருங்க வேகம் இப்படித்தான் கூடும்.

ஆனால் இதே எடுத்துக்காட்டு ஜேக்கோபியின் பலவீனத்தையும் காட்டிவிடுகிறது. இந்த அணி ஏற்கெனவே மும்மூலைவிட்ட அணி. கியூஆர் முறை அந்த வடிவத்தைக் கலைக்காமலேயே வேலை செய்யும். ஜேக்கோபி முதல் சுழற்சியிலேயே அதைக் கலைத்துவிட்டது. மூன்றுக்கு மூன்றில் இது ஒன்றுமில்லை. ஆயிரத்துக்கு ஆயிரம் என்றால் கணக்கு வேறு. மும்மூலைவிட்டமாகச் சுருக்க ஏறத்தாழ (4/3)n³ கணக்குகள் ஆகும்; அதற்குப் பிறகு ஐகன் மதிப்புகள் மட்டும் போதும் என்றால் செலவு n² அளவில் அடங்கிவிடும். ஜேக்கோபியில் ஒரு சுற்றுக்கே சுமார் 3n³. ஆறு முதல் பத்துச் சுற்று வரை தேவைப்படும். எட்டுச் சுற்று என்று வைத்தால் 24n³, ஏறத்தாழப் பதினெட்டு மடங்கு வேலை. 1961இல் ஃபிரான்சிஸும் குப்லனோவ்ஸ்காயாவும் தனித்தனியாகக் கியூஆரைக் கொண்டுவந்த பிறகு ஜேக்கோபி பின்னுக்குப் போனதற்கு இதுவே பெரிய காரணம்.

எந்த உறுப்பை முதலில் துடைப்பது என்பதிலும் ஒரு போட்டி உண்டு. மிகப் பெரியதைத் தேடித் துடைப்பது கையால் கணக்கிடுபவருக்கு இயல்பு. கண் பார்த்ததும் சொல்லிவிடும். கணினிக்கோ, ஒவ்வொரு தடவையும் n²/2 உறுப்புகளைத் தேடுவது சுழற்சியைவிட அதிகச் செலவு. அதனால் வரிசையாகச் சுற்றி வருவதே போதும்.

சரி, இவ்வளவு மெதுவான முறையை ஏன் இன்னும் பேச வேண்டும்? 1992இல் டெம்மலும் வெசெலிச்சும் காட்டிய விஷயத்துக்காக. இந்த அணியைப் பாருங்கள்:

```
1e20  1e14  1e9
1e14  1e10  1e4
1e9   1e4   1
```

இதில் உறுப்புகள் பல அளவுகளில் பரந்து கிடக்கின்றன. ஒன்று மீட்டரிலும் இன்னொன்று நானோமீட்டரிலும் அளந்த மாறிகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் இப்படி வரும். எல்லா ஐகன் மதிப்புகளும் மிகை எண்கள். அவை ஏறத்தாழ 10²⁰, 9.9 × 10⁹, 0.9818.

கியூஆர் வழி தரும் பொதுவான உத்தரவாதம் என்ன? பிழை, மிகப் பெரிய ஐகன் மதிப்பில் 10⁻¹⁶ பங்கு அளவுக்குள் இருக்கும் என்பது. பத்தின் இருபதாம் அடுக்கில் அது ஏறத்தாழ பத்தாயிரம். முதல் மதிப்புக்கு அது தூசி. இரண்டாவதில் ஆறு இலக்கமாவது தேறும். மூன்றாவதுக்கு? உண்மை மதிப்பு ஒன்றுக்கும் குறைவு, பிழை பத்தாயிரம் வரை போகலாம். குறை எண்கூட வரலாம், அதுவும் அந்த உத்தரவாதத்துக்கு உட்பட்டதுதான். ஒவ்வொரு தடவையும் கெடும் என்று சொல்லவில்லை. நிரைகளின் வரிசை சாதகமாக அமைந்தால் நல்ல விடையும் வரும். அதை நம்பியிருக்க முடியாது என்பதே பிரச்சினை.

இப்போது ஜேக்கோபி. (1,2) இடத்தில் t-இன் அளவு 10⁻⁶. இரண்டாவது மூலைவிட்ட உறுப்பு 10¹⁰ − 10⁸ = 9.9 × 10⁹ ஆகிறது. (2,3) உறுப்பு 10000-இலிருந்து 9000 ஆகிறது. அடுத்து (1,3): t-இன் அளவு 10⁻¹¹, மூன்றாவது மூலைவிட்ட உறுப்பு 1 − 0.01 = 0.99. கடைசியாக (2,3): t-இன் அளவு 9000 / (9.9 × 10⁹), மூன்றாவது உறுப்பு 0.99 − 0.00818 = 0.98182. அவ்வளவுதான், மூன்றே சுழற்சிகள். சிறிய எண் எந்த இடத்திலும் 10²⁰-உடன் கூட்டப்படவில்லை. தன் அளவுக்கு ஒத்த திருத்தங்கள் மட்டுமே அதிலிருந்து கழிந்தன. துல்லியம் தப்பியது அதனால்தான்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம், எப்போது நிறுத்துவது என்பது. வழக்கமான கணினி நிரல்கள், வெளியே உள்ள உறுப்புகள் முழு அணியின் அளவோடு ஒப்பிடப் புறக்கணிக்கத்தக்கவை ஆனதும் நிறுத்திவிடும். நம் கணக்கில் இரண்டாவது சுழற்சி முடிந்ததும் மிஞ்சியிருந்த பெரிய உறுப்பு 9000. அதை 10²⁰ஆல் வகுத்தால் 9 × 10⁻¹⁷. கணினியின் துல்லிய எல்லைக்குக் கீழே! நிரல் அங்கேயே நின்று, 0.9818-க்குப் பதில் 0.99 என்று விடை தந்திருக்கும். இரண்டாவது இலக்கத்திலேயே பிழை, எச்சரிக்கை எதுவும் இல்லாமல். சரியான சோதனை, ஒவ்வொரு உறுப்பையும் தன் நிரை, நிரலின் மூலைவிட்ட உறுப்புகளோடு ஒப்பிடுவது:

```
abs(a[p][q]) <= tol * sqrt(a[p][p] * a[q][q])
```

9000-ஐ இப்படிப் பார்த்தால் விகிதம் 0.09, நிறுத்தக் கூடாது என்பது பளிச்சென்று தெரிகிறது. இந்த ஒரு வரியை மாற்றாமல் ஜேக்கோபி எழுதினால், மெதுவான வேகத்தை விலையாகக் கொடுத்தும் துல்லியம் கையில் கிடைக்காது.

இந்த நன்மைக்கு எல்லைகளும் உண்டு. எல்லா ஐகன் மதிப்புகளும் மிகையாக இருக்கும் அணிகளுக்குத்தான் இந்த உத்தரவாதம். மூலைவிட்டம் முழுவதும் 1 ஆகும்படி அளவு மாற்றிப் பார்த்தால் அணி நல்ல நிலையில் இருக்கவும் வேண்டும். மேலே உள்ளது அப்படி மாற்றினால் வெளியே எல்லா இடத்திலும் 0.1 வரும், அது மிக நல்ல நிலை. இன்னொன்று, உறுப்புகள் ஒவ்வொன்றும் தன் அளவில் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய எண்களின் அளவீட்டுப் பிழை சிறிய உறுப்புகளுக்குள்ளும் கசிந்திருந்தால், தரவிலேயே இல்லாத இலக்கங்களை எந்த முறையும் தராது.

உங்கள் அணி இந்த வகையா என்று சந்தேகம் வந்தால் ஒரு எளிய சோதனை போதும். நிரைகளையும் நிரல்களையும் ஒரே மாதிரி இடம் மாற்றி, மறுபடி கணக்கிடுங்கள். ஐகன் மதிப்புகள் மாறக் கூடாது.

```python
p = np.random.permutation(len(A))
print(np.linalg.eigvalsh(A))
print(np.linalg.eigvalsh(A[np.ix_(p, p)]))
```

சிறிய மதிப்புகள் ஒத்துப்போகாவிட்டால் அவற்றை நம்பாதீர்கள். ஒத்துப்போனாலும் அது நிரூபணம் ஆகாது. சில இடமாற்றங்களில் ஓட்டிப் பாருங்கள்.

ஆக, என் தேர்வு இப்படி: பெரிய அணி, உறுப்புகள் ஒரே அளவில் இருக்கின்றன என்றால் `eigh`, வேறு யோசனை வேண்டாம். சின்னச் சின்ன அணிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக வந்தால் ஜேக்கோபி நல்ல போட்டியாளர். ஒன்றையொன்று தொடாத ஜோடிகளை ஒரே நேரத்தில் சுழற்றலாம் என்பதால் கிராஃபிக்ஸ் அட்டைகளுக்கு அது பொருந்துகிறது, என்விடியாவின் cuSOLVER நூலகத்தில் `syevj` என்ற பெயரில் இருக்கிறது. மேலே பார்த்தது போல அளவுகள் பரந்து கிடந்து, சிறிய மதிப்புகள்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் ஜேக்கோபியேதான்.

அதையும் நீங்களே எழுதத் தேவையில்லை. முதலில் சோலஸ்கி முறையில் அணியைப் பிரியுங்கள். கிடைக்கும் காரணி அணியை LAPACK நூலகத்தின் `dgesvj`-க்குக் கொடுங்கள். அது நிரல்களைச் சுழற்றும் ஒருபக்க ஜேக்கோபி. அது தரும் சிங்குலர் மதிப்புகளின் வர்க்கங்களே உங்கள் ஐகன் மதிப்புகள். உங்கள் அணி GᵀG என்ற பெருக்கலாகவே பிறந்தது என்றால், அந்தப் பெருக்கலைச் செய்யாமல் G-யையே நேராகக் கொடுத்துவிடுங்கள். சிறிய மதிப்புகளின் இலக்கங்கள் பல சமயம் அந்தப் பெருக்கலிலேயே தொலைந்துவிடுகின்றன.