‘நமக்குச் சரிவருவார்’ என்பதற்கு எத்தனை புள்ளி?

மட்டக்களப்பில் ஒரு சிறுகடன் நிறுவனம் கள உத்தியோகத்தர் ஒருவரை எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேர்முகப் பரீட்சைப் படிவத்தில் வேலைத் திறமைக்கு 80 புள்ளி, ‘நிறுவனத்துக்குப் பொருந்துவாரா’ என்பதற்கு 20. கல்லடிப் பையனுக்கு 58உம் 17உம், மொத்தம் 75. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள கொக்கட்டிச்சோலையிலிருந்து வந்த பெண்ணுக்கு 65உம் 8உம், மொத்தம் 73. வேலையில் ஏழு புள்ளி முன்னுக்கு நின்றவர் வீட்டுக்குப் போகிறார்.

அந்த எட்டுக்கு எதிரே எழுதியிருப்பது: ‘கொஞ்சம் ஒதுங்கின சுபாவம்’. பையனுக்கு: ‘நல்லாப் பழகுவார்’. அவர் என்ன செய்ததைப் பார்த்து அப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் நேர்முகக் குழுவிடம் பதில் இருக்காது. பையனும் முகாமையாளரும் ஒரே பள்ளிக்கூடம், பத்து நிமிஷம் கிரிக்கெட் கதைத்தார்கள். படுவான்கரைப் பேச்சு காதுக்குப் புதிதாக இருந்தது. ‘படுவான்கரை ஆள் வேண்டாம்’ என்று யாரும் எழுதவில்லை, எழுதவும் மாட்டார்கள். முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்து ஒருவர் வந்திருந்தாலும் இதே கட்டத்தில் இதே மாதிரி ஒரு வரிதான் விழுந்திருக்கும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2012இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான். பெரிய சட்ட, முதலீட்டு, ஆலோசனை நிறுவனங்களில் ஆள் எடுப்பவர்கள் ‘ஃபிட்’ என்று சொன்னது பெரும்பாலும் பொழுதுபோக்கும் பின்னணியும் தங்களோடு ஒத்துப்போவதைத்தான்.

இதற்கு மாற்றாகச் சொல்வது ‘கல்ச்சர் ஆட்’: நம்மிடம் இல்லாத எதை இவர் கொண்டுவருகிறார்? எனக்கு இதுதான் மேல். ஆனால் கேள்வியை மட்டும் மாற்றினால் போதாது. ‘ஒரு படுவான்கரைப் பிள்ளையும் இருக்கட்டும்’ என்று எடுத்தால் அதுவும் ஊர் பார்த்து எடுத்ததுதான். அப்புறம் அந்தப் பக்கத்துப் பிரச்சினை எல்லாம் அவர் தலையில் விழும்.

ஆகவே விளம்பரம் போடுமுன்பே குறையை எழுத வேண்டும். இந்த அலுவலகத்தின் குறை, பெரும்போக அறுவடைக்கு முன் கையில் காசில்லாத வயற்காரரிடம் மாதத் தவணை கேட்டுச் சண்டையில் முடிவது. அப்படியானால் எல்லோரிடமும் ஒரே கேள்வி: ‘தவணை தவறிய ஒரு கடன் குழுவோடு என்ன பேசினீர்கள், என்ன நடந்தது?’ ‘கண்டிப்பாகச் சொன்னேன்’ என்பது ஒரு புள்ளி. காசு எப்போது வரும் என்று விசாரித்து, தவணைத் திகதியை மாற்ற மேலிடத்தில் பேசியிருந்தால் ஐந்து. அந்தக் கேள்விக்குக் கல்லடிப் பையன் நல்ல பதில் சொன்னால் அவருக்கே ஐந்து.

பொருத்தத்தை முழுவதும் தூக்கி எறியவும் முடியாது. வசூலித்த காசுக்கு அன்றைக்கே பற்றுச்சீட்டுப் போடுவது, தன் பிழையைத் தானே அறிவிப்பது, இவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அவற்றையும் நடந்த சம்பவம் கேட்டுத்தான் புள்ளி போட வேண்டும். நேர்முகக் குழுவில் உள்ள மூன்று பேரும் தங்களுக்குள் கதைக்கத் தொடங்குமுன் தனித்தனியே போட வேண்டும். முகாமையாளர் முதலில் வாய் திறந்தால் மற்ற இரண்டு பேரின் பேனாவும் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.