லாகின் இல்லாத ஆர்டர் பக்கம்: எந்த லிங்க் நல்லது?

தி.நகரில் ஒரு பிளவுஸ் தையல் கடை. காலையிலிருந்து இரவு வரை "தைச்சாச்சா?" என்று போன் வந்துகொண்டே இருக்கும். இதற்காக யாரும் பாஸ்வேர்டு போட்டு லாகின் செய்ய மாட்டார்கள். தொட்டதும் நிலையைக் காட்டும் பக்கம் ஒன்றை நான் செய்துகொடுத்தேன். அப்போது மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

கடைக்காரம்மா முதலில் கேட்டது, ஆர்டர் எண்ணும் போனின் கடைசி நான்கு இலக்கமும் போட்டால் திறக்கும் பக்கம். ஆனால் 4127க்கு அடுத்தது 4128 என்று யாருக்கும் தெரியும். நான்கு இலக்கத்துக்கு மொத்தமே 10,000 சேர்க்கைகள். தடுப்பு எதுவும் வைக்காவிட்டால், ஒரு சின்ன ஸ்கிரிப்ட் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். இதை உடனே விட்டுவிட்டோம்.

அடுத்தது கையொப்பமிட்ட லிங்க். ஆர்டர் எண்ணையும் காலாவதி நேரத்தையும் சர்வரின் ரகசியச் சாவியால் HMAC கையொப்பமிட்டு லிங்க்கிலேயே வைப்பது. ஓர் எழுத்தை மாற்றினாலும் செல்லாது, டேட்டாபேஸில் எதையும் சேமிக்கவும் வேண்டாம். எனக்கு இதுதான் முதலில் பிடித்திருந்தது.

மனதை மாற்றியது ஒரு கல்யாண ஆர்டர். தாம்பரத்து அம்மா ஒருவர் லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, "அதை மூடிடுங்க தம்பி" என்று பதறினார். சாவியை மாற்றினால் எல்லோருடைய லிங்க்கும் செத்துப்போகும். அந்த ஒன்றை மட்டும் மூட வேண்டுமென்றால் ரத்துப் பட்டியல் தேவை. அப்புறம் டேட்டாபேஸ் வேண்டாம் என்ற வசதி எங்கே இருக்கிறது?

நீளமும் இடித்தது. தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றில் 70 எழுத்துகள்தான் அடங்கும், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்காகும். SHA-256 கையொப்பத்தை வெட்டாமல் வைத்தால் அதுவே 43 எழுத்து.

கடைசியில் நின்றது தற்செயல் டோக்கன்:

```python
import secrets
token = secrets.token_urlsafe(16)
```

22 எழுத்து, உள்ளே 128 பிட் தற்செயல். ஊகித்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. டேட்டாபேஸில் டோக்கனை அப்படியே வைக்காமல் அதன் ஹேஷை மட்டும் வைக்கிறோம், டேபிள் கசிந்தாலும் லிங்க்குகள் கசியாது. ஒரு லிங்க்கை மூட ஒரு வரிசையை அழித்தால் போதும்.

ஆனாலும் லிங்க் கையில் இருப்பவர் யாராக இருந்தாலும் பக்கம் திறக்கும், அது மூன்றாவது வழியிலும் மாறவில்லை. அதனால் பக்கத்தில் நிலையும் தேதியும் மட்டும்தான். முகவரி, போன் எண், அளவுகள் எதுவும் கிடையாது. டெலிவரி முகவரியை மாற்ற ஓடிபி கேட்போம். லிங்க் வேறு தளங்களுக்குப் போகாமலிருக்க `Referrer-Policy: no-referrer` போட்டோம்.

இன்னொன்று, "ஒருமுறை திறந்ததும் காலாவதி" என்று வைக்காதீர்கள். வாட்ஸ்அப் போன்ற செயலிகள் முன்னோட்டப் படத்துக்காக லிங்க்கைத் தாங்களே திறந்து பார்க்கும். வாடிக்கையாளர் தொடும்போது அது ஏற்கெனவே செத்திருக்கும். எங்கள் லிங்க் துணி கைக்குப் போய் 15 நாள் வரை உயிரோடு இருக்கும்.