நிழலுக்குத் தனிக் காசு வாங்கிக்கொண்டு ஒட்டு நிழல் கொடுத்தார்கள்

விற்பனைப் படங்களில் பின்னணி நீக்கும் வேலையை வெளியே கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு 3,200 ரூபாயும் தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் போனது.

நான் மாக்கல் சட்டியும் பித்தளைச் சாமான்களும் ஆன்லைனில் விற்கிறேன். ஜன்னல் ஓரம் மேஜை போட்டு, வெள்ளை சார்ட் பேப்பரைச் சுவரிலிருந்து மேஜை மேல் வளைத்து ஒட்டி, 64 படம் எடுத்தேன். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்ததால் நிழல் வலப்பக்கம் மெத்தென்று விழுந்திருந்தது. பின்னணி மட்டும் போனால் போதும், நிழல் இருக்கட்டும் என்று நினைத்தேன். வேலையை எடுத்துக்கொண்டவர்கள், பின்னணி நீக்க படத்துக்கு 35 ரூபாய், ‘நேச்சுரல் ஷேடோ’ வேண்டுமானால் 50 என்றார்கள். நிழலோடு என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் படங்கள் வந்தன. செல்போனில் பார்க்க பளிச்சென்று இருந்தன, அப்படியே கடையில் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர் கேட்டார்: “அக்கா, இந்தக் கல்சட்டிக்கு அடி உருண்டையா இருக்கே, கேஸ் அடுப்புல ஆடாம நிக்குமா?”

அந்தச் சட்டிக்கு அடி தட்டை. நானே தினம் அதில் வத்தக்குழம்பு வைக்கிறேன். லேப்டாப்பில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எண்ணெய் தடவிப் பழக்கிய மாக்கல் கிட்டத்தட்ட கருப்பு. அதன் அடி விளிம்பை ஒட்டி விழும் நிழலும் கருப்பு. இரண்டுக்கும் எல்லை எது என்று மென்பொருளுக்குத் தெரியாது, ஆள் உட்கார்ந்து கோடு போட்டு வெட்ட வேண்டும். இவர்கள் எல்லாவற்றையும் தானியங்கியில் தள்ளியிருக்கிறார்கள். நிழலைத் தின்றதோடு சட்டியின் அடி முனையையும் இரண்டு பக்கமும் தின்றுவிட்டது. தட்டை அடி உருண்டை அடியாகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 64 படத்திலும் கீழே ஒரே சாம்பல் நீள்வட்டம். சட்டிக்கும் அதுதான், ஒன்றரை அடி குத்துவிளக்குக்கும் அதுதான், அகலத்தை மட்டும் இழுத்து மாற்றியிருந்தார்கள். விளக்கின் தண்டில் இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சம் கோடாக மின்னுகிறது. அப்படியென்றால் நிழல் வலப்பக்கம் போக வேண்டும். இவர்கள் ஒட்டிய வட்டமோ இடப்பக்கம் தள்ளி இருந்தது. விளக்கு தரையில் நிற்கவில்லை, அரை அங்குலம் மேலே மிதந்தது.

உண்மை நிழலையும் ஒட்டு நிழலையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. பொருள் தரையைத் தொடும் இடத்தைப் பெரிதாக்குங்கள். உண்மையான நிழலில் அங்கே முடி மாதிரி ஒரு கரிய கோடு இருக்கும். அது விலக விலக வெளிறி, ஓரம் மங்கிக் கரைந்து போகும். ஒட்டு நிழலில் அந்தக் கோடே இருக்காது, நடுவில் எல்லா இடமும் ஒரே சாம்பலாக இருக்கும். பொருளை நிற்க வைப்பது அந்தக் கோடுதான். வெளியே பரவும் மங்கல் போனால்கூடப் பெரிய குறை தெரியாது, கோடு போனால் பொருள் மிதக்கும்.

போன் செய்து கேட்டேன். “மேடம், நீங்க சுத்த வெள்ளை கேட்டீங்க. ஒரிஜினல் நிழல வச்சா வெள்ளை வராது. அதான் நாங்களே போட்டுட்டோம்” என்றார்.

இது பாதிதான் உண்மை. அமேசான் போன்ற தளங்கள் முதல் படத்துக்குப் பின்னணி 255, 255, 255 என்ற சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும் என்கின்றன. சார்ட் பேப்பர் படத்தில் பெரும்பாலும் அப்படி விழாது, லேசான சாம்பலாகத்தான் விழும். ஆனால் நிழலை விட்டுவைத்துப் பேப்பரை மட்டும் வெள்ளையாக்க வழி இருக்கிறது. இரண்டு படத்தை நானே போட்டோஷாப்பில் செய்து பார்த்தேன்.

வெட்டிய சட்டி மேல் லேயரில், கீழே வெறும் வெள்ளை லேயர். இரண்டுக்கும் நடுவில் மூலப்படத்தின் நகலை வைத்து அதன் வண்ணத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பித்தளை பேப்பரில் அடிக்கும் மஞ்சள் நிழலில் கறையாக நிற்கும். பிறகு அந்த நகலில் Levels திறந்து, வெள்ளை முனையைப் பேப்பர் முழு வெள்ளையாகும் வரை இடப்பக்கம் நகர்த்தி, லேயரை Multiply-க்கு மாற்ற வேண்டும். அதில் வெள்ளை மறைந்துவிடும், கருமை மட்டும் தங்கும். நிழல் விழுந்த இடத்திலேயே, விழுந்த திசையிலேயே நிற்கும். வெள்ளை முனையை ரொம்ப இழுத்தால் நிழலின் ஓரம் வெட்டுப்பட்ட மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் பொறுமை வேண்டும். முடிந்ததும் எல்லாவற்றுக்கும் மேல் இன்னொரு Levels வைத்து, கருப்பு முனையை 245 வரை வலப்பக்கம் இழுத்துப் பாருங்கள். பேப்பர் சாம்பல் மிச்சமிருந்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். பார்த்ததும் அந்த Levels-ஐ அழித்துவிடலாம்.

என் பக்கமும் ஒரு தப்பு உண்டு. 64 படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு நிழல் வேண்டும் என்று எழுதினேன். நூலில் தொங்கவிட்டு எடுத்த பூஜை மணிக்கு எதற்கு நிழல்? அது எதையும் தொடவில்லை. சாயங்காலம் வெளிச்சம் குறைந்து டியூப் லைட் போட்டு எடுத்த பன்னிரண்டு படத்தில் இரண்டு பக்கமும் இரண்டு நிழல். ஒரு தாம்பாளப் படத்தில் பேப்பர் மடிப்பு நிழலுக்குள்ளேயே ஓடுகிறது, சட்டத்தின் ஓரத்தில் நிழல் பாதியில் அறுந்தும் போகிறது. இவற்றிலெல்லாம் மூல நிழலை எடுத்துவிடுவதே சரி. நிற்கும் பொருளாக இருந்தால், வெட்டிய பிறகு தொடும் இடத்தில் அந்தக் கரிய கோட்டை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் போட்டுக்கொள்ளலாம். படத்துக்குப் படம் ‘வை’, ‘எடு’ என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அப்படிக் கொடுத்திருந்தால் அவர் என்னிடம் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொன்று, கொடுத்ததெல்லாம் JPG. சட்டி, நிழல், வெள்ளை மூன்றும் ஒரே தகடாக ஒட்டிப்போனதால் ஒட்டு நிழலை மட்டும் எடுக்க வழியில்லை. தீபாவளிக்கு மஞ்சள் பேனர் போடலாம் என்று விளக்குப் படத்தை எடுத்தால் வெள்ளைப் பெட்டியோடு வருகிறது. லேயர் பிரித்த PSD கேளுங்கள், அல்லது நிழலோடு ஒன்று, நிழல் இல்லாமல் ஒன்று என்று இரண்டு PNG கேளுங்கள். நல்லவேளை, மூலப்படங்களை நான் அழிக்கவில்லை.

பணம் திரும்பவில்லை. “அடுத்த ஆர்டர்ல கழிச்சுக்கறேன் மேடம்” என்கிறார், இன்றுவரை. வேறொருவரிடம் முதலில் மூன்றே மூன்று படம் கொடுத்துப் பார்த்தேன். கருப்புச் சட்டி ஒன்று, மின்னும் விளக்கு ஒன்று, தொங்கும் மணி ஒன்று. மூன்றும் சரியாக வந்த பிறகுதான் மீதியைக் கொடுத்தேன். அவர் படத்துக்கு 70 வாங்கினார்.

புதுப்படத்தைக் கடையில் மாற்றிவிட்டு, முதலில் கேட்ட வாடிக்கையாளருக்கும் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: “இது வேற சட்டியா அக்கா? இது நல்லா உக்காந்திருக்கே.”