ஏக்மியா புரோமிலியாட்: கிண்ணத்துத் தண்ணீரும் பக்கக் கன்றும்

சென்னையில் கிழக்கு பார்த்த பால்கனியில் சில வருடங்களாக ஏக்மியா ஃபேசியாட்டா வளர்க்கிறேன். பிரேசில் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வாழும் செடி இது. வேர் பெரும்பாலும் பிடிமானத்துக்குத்தான். இலைகள் நடுவில் கூடி உண்டாகும் கிண்ணத்தில் தேங்கும் நீரை, இலைமேல் இருக்கும் நுண்செதில்கள் உறிஞ்சிக்கொள்ளும். இலையில் சாம்பல் பூசினாற்போல் தெரிவது அந்தச் செதில்கள்தான். தூசி என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள்.

கிண்ணத்தை எப்போதும் நிறைத்து வைக்கச் சொல்வார்கள். என் அனுபவத்தில் நிறைப்பதைவிட மாற்றுவதுதான் முக்கியம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து கொசுவாக நம் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை, சில சமயம் அதற்கு முன்பே, தொட்டியைச் சாய்த்துப் பழைய தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தை அலசி, பாதியளவு புதுத் தண்ணீர் விடுகிறேன். போர் தண்ணீர் இலையில் வெள்ளைக் கறை படிய வைக்கும், மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ நல்லது. செம்பு இந்தச் செடிக்கு ஆகவே ஆகாது. போர்டோ கலவை மாதிரி செம்பு கலந்த பூஞ்சணக் கொல்லிகளைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. தொட்டிக் கலவையை மேலாக ஈரம் காய்ந்த பிறகு நனைத்தால் போதும். நடு இலையை லேசாக இழுத்ததும் கையோடு வந்து, அடியில் பழுப்பேறி நாற்றமடித்தால் அழுகல் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ரோஜா நிறப் பூங்கொத்து மாதக்கணக்கில் நிற்கும். அது காய்ந்ததும் தண்டை அடியோடு வெட்டிவிடலாம். தாய்ச்செடி மறுபடி பூக்காது. வாழை மாதிரிதான், பக்கக் கன்று விட்டுவிட்டு மெதுவாக ஓயும். ஆனால் ஓய ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும், அதுவரை கன்றுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கும். எனவே பூ வாடிய உடனே கன்றைப் பிரிக்காதீர்கள்.

எனக்கு இரண்டு கன்று வந்தது. ஒன்று தாயின் பாதி உயரம் வந்ததும் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தேன். கலவையை உதறி, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால், தாயோடு ஒட்டிய இடத்திலேயே, கன்றின் காம்பு முழுதாக வரும்படி வெட்டினேன். நிழலில் ஒரு நாள் காயவிட்டு, தேங்காய் நார்த் துண்டும் அடுப்புக்கரியும் கலந்த நாலு அங்குலத் தொட்டியில் ஒரு அங்குல ஆழம் மட்டும் நட்டேன். ஆழமாக நட்டால் அடி அழுகும். சாயாமலிருக்கக் குச்சி கட்டி, கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைத்தேன். அப்புறம் வேர் பிடிக்கும்வரை அதைத் தொடவில்லை.

இன்னொன்றைத் தாயிடமே விட்டேன். அதுதான் வேகமாக வளர்ந்தது, முதலில் பூத்ததும் அதுவே. தாயின் இலைகள் முழுக்கக் காய்ந்த பிறகு அவற்றை மட்டும் அடியில் வெட்டி எடுத்தேன். எண்ணிக்கையைப் பெருக்க வேண்டுமென்றால் பிரியுங்கள், சீக்கிரம் பூக்க வேண்டுமென்றால் தாயிடமே விட்டுவிடுங்கள்.