ஒரு நிரையில் ஒரே ஒரு X: எண்ணிச் சரிபார்க்கும் சூத்திரத்தை நெடுநாள் பாவித்த அனுபவம்

திருகோணமலையில் வீட்டு விபரப் படிவங்களை விரிதாளில் ஏற்றிச் சரிபார்ப்பது என் வேலை. நிலாவெளி, குச்சவெளி, மூதூர்ப் பக்கமிருந்து படிவங்கள் வரும். ‘பிரதான குடிநீர் எது’ என்ற கேள்விக்கு D முதல் G வரை நாலு நிரல்கள்: குழாய்நீர், கிணறு, குழாய்க்கிணறு, பவுசர். அவற்றில் ஒன்றில் மட்டும் X இருக்கவேண்டும்.

எங்களிடம் வந்த பழைய தாளில் சரிபார்ப்பு இப்படி இருந்தது:

```
=XOR(D2<>"",E2<>"",F2<>"",G2<>"")
```

‘ஒன்று மட்டும்’ என்றால் XOR என்று பலரும் எழுதிவிடுகிறார்கள். இரண்டு நிரலுக்கு அது சரி. மூன்று, நாலு என்று போனால், உண்மையானவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையா என்பதை மட்டுமே அது பார்க்கும். கச்சான் மாதங்களில் கிணறு வற்றும் வீட்டார் கிணறு, குழாய்க்கிணறு, பவுசர் மூன்றையும் சொல்வார்கள். படிவம் எடுத்தவர் மூன்றிலும் X போடுவார். சூத்திரம் TRUE என்று காட்டும். இரண்டு X உள்ள நிரை பிடிபடுவதால், சூத்திரம் வேலை செய்வதாகவே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

COUNTA வைத்து எண்ணலாம். ஆனால் X-ஐ அழிக்க இடைவெளி விசையைத் தட்டும் பழக்கம் பலருக்கு உண்டு. பார்வைக்கு வெறுமையான அந்தக் கலத்தையும் COUNTA எண்ணிவிடும். நான் H நிரலில் நிலையாக வைத்திருப்பது இது:

```
=IF($A2="","",SUMPRODUCT(--(LEN(TRIM(D2:G2))>0)))
```

A நிரலில் வீட்டு இலக்கம். அது இல்லாத நிரையைச் சூத்திரம் விட்டுவிடும். மற்ற நிரைகளில் இடைவெளிகளை நீக்கி, எழுத்து மிஞ்சும் கலங்களை எண்ணும். கடைசியில் `=1` சேர்த்து TRUE, FALSE ஆக்காமல் எண்ணாகவே விட்டது எனக்குப் பெரிய உதவி. 0 என்றால் கேள்வி தவறிப்போயிருக்கிறது, அந்த வீட்டுக்குத் திரும்பப் போகவேண்டும். 2 அல்லது 3 என்றால் படிவம் எடுத்தவரிடமே முதலில் கேட்கலாம். 4 வந்தால் பெரும்பாலும் பொருந்தாத கலங்களில் யாரோ ‘-’ போட்டிருப்பார்கள்.

தவறான நிரை சிவப்பாக, நிபந்தனை வடிவமைப்பில் இதைக் கொடுத்திருக்கிறேன்:

```
=AND($A2<>"",$H2<>1)
```

தரவுச் செல்லுபடியாக்கம் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தட்டச்சில் அது தடுக்கும். வேறு தாளிலிருந்து ஒட்டினால் தடுக்காது. எங்கள் தரவில் பெரும்பகுதி ஒட்டித்தான் வருகிறது. மதிப்புகளாக மட்டும் ஒட்டினால் நிறம் அதையும் காட்டும்.

இன்னும் பிடிபடாதது ஒன்று. இணையப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிய கலத்தில் உடையா இடைவெளி இருந்தால் TRIM அதை நீக்காது. வெறுமையாகத் தெரியும் கலம் எண்ணப்பட்டுவிடும். எண் பொருந்தாமல் கலம் வெறுமையாகத் தெரிந்தால் `=LEN(E2)` போட்டுப் பார்க்கிறேன். 1 என்று வந்தால் அந்தக் கலத்தில் Delete அழுத்தினால் சரியாகிவிடும்.